8 கிராம் பருப்பும் 50 கிராம் பருப்பும்

தமிழ்நாட்டில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 25 ரூபாய்க்கு 1 லிட்டர் பாமாயில் உண்டு. இரண்டும் 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வருபவை. அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. வீட்டில் 4 பேர் என்று வைத்துக்கொண்டு அந்த 1 கிலோ பருப்பை 30 நாளுக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வரும். மேசைக்கரண்டி ஒன்றுகூட நிரம்பாது. அதில் இருக்கும் புரதம் 2 கிராமுக்கும் குறைவு.

கொல்லிமலையில் மேற்கொண்டு பருப்பு வாங்காத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டில் கறியும் முட்டையும் சாப்பிடாத ஒருவர் இருக்கிறார். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில்தான் இந்த மலை இருக்கிறது. ஆனாலும் விரதத்தாலோ வழக்கத்தாலோ மனதுக்கு ஒவ்வாததாலோ அதைத் தொடாதவர்கள் இங்கும் உண்டு. பால் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. இப்படிப்பட்டவர் ஒல்லியாகவும் இருந்தால், அவர் எடை கூட என்ன வழி? தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும், சோறு நிறையவும் பருப்பு கொஞ்சமுமாகச் சாப்பிடும் சைவர்களுக்கு இதே கணக்குதான் பொருந்தும்.

முதலில், யார் ஒல்லி? உடம்பு வாகைப் பார்த்துச் சொல்வதைவிட ஒரு சின்னக் கணக்கு போடுவது நல்லது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். விடை 18.5-க்குக் கீழே வந்தால் எடை குறைவு. 162 சென்டிமீட்டர் உயரமும் 43 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 16.4 வரும். 18.5-ஐத் தொட அவருக்கு ஏறத்தாழ 48.5 கிலோ வேண்டும். அதாவது இன்னும் ஐந்தரை கிலோ. இந்த 43 கிலோக்காரரையே கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம். வயது 35, காட்டு வேலை செய்பவர், சைவம். அவர் கணக்குக்காக நான் உருவாக்கிக்கொண்ட ஆள்தான்.

பருப்பு கொஞ்சம் கூடினால் உண்மையில் என்ன மாறும் என்பதற்கு ஜார்க்கண்டில் ஒரு பெரிய சோதனையே நடந்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய அந்த ஆய்வில் சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. காசநோய் வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் தந்தார்கள். கூடவே சத்து மாத்திரை. கறியோ முட்டையோ அதில் இல்லை. வீட்டாருக்கும் உணவு தந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது, நோயாளிக்கு மட்டும் தந்த வீடுகளைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், சிகிச்சையின் முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. 2023-இல் லான்செட் இதழ்களில் இதெல்லாம் வெளியானது.

ஒன்றரை கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 50 கிராம். ரேஷன் பருப்பை மட்டும் நம்பிய வீட்டில் அது 8 கிராம். ஒல்லியாக இருக்கும் சைவர் தாண்ட வேண்டிய தூரம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பவுடர் டப்பாவும் டானிக்கும் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. முக்கால்வாசிப் பேருக்கு அந்த யோசனையே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஆனால் பருப்பை மட்டும் கூட்டினாலும் போதாது. உடம்புக்கு முதலில் வேண்டியது எரிபொருள். அன்றைய வேலைக்கு வேண்டிய கலோரி சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரவில்லை என்றால், சாப்பிட்ட புரதத்தையும் உடம்பு எரித்துவிடும். தசைக்குப் போக மிச்சம் இருக்காது. அரைவயிற்றுச் சோறும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்டு மாதக்கணக்கில் எடை ஏறாதவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். மறுபக்கம், கலோரி மட்டும் கூடிப் புரதம் கூடாமல் போனால் எடை ஏறும், ஆனால் அது வயிற்றிலும் இடுப்பிலும் கொழுப்பாக ஏறும். கையும் தோளும் அப்படியே இருக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து கூட வேண்டும்.

கொல்லிமலைச் சாப்பாட்டில் இந்த இரண்டையும் கெடுத்த ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் மலையாளிப் பழங்குடி மக்களின் காடுகளில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை விளைந்தன. ஊடுபயிராகவும் வரப்பிலும் வேலியிலும் துவரை, அவரை, மொச்சை இருந்தன. பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. கைக்குக் காசு கொடுத்த பயிர் என்பதால் மக்கள் அதற்கு மாறியதைக் குறை சொல்ல முடியாது. சாமையைக் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலையாகவும் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்குள் கொண்டுவந்தது அந்த வேலையில் ஒரு முக்கியமான பகுதி. விதை கையில் இருந்தும், குத்திக் கொடுக்க வழி இல்லாவிட்டால் சாமை அடுப்புக்கு வராது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

காட்டில் சாமை குறைந்ததால் தட்டில் குறைந்தது என்ன? நூறு கிராம் சாமையில் புரதம் 8 முதல் 10 கிராம் வரை இருக்கிறது. அரிசியில் 7 அல்லது 8. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுதானியம் சாப்பிட்டாலே புரதம் கொட்டும் என்று சொல்வது மிகை. மரவள்ளிதான் தனி வகை. நூறு கிராம் கிழங்கில் புரதம் 1 கிராம்கூடச் சரியாகத் தேறாது, கலோரி மட்டும் 150 அளவுக்கு இருக்கும். ஒரு வேளைக்கு அவித்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டால் வயிறு நிறையும், அந்த வேளையின் புரதம் காலி. கூடவே ஊடுபயிராக இருந்த அவரையும் துவரையும் வரப்பை விட்டுப் போயிருந்தால் நட்டம் இரட்டிப்பு.

மரவள்ளியில் இன்னொரு விஷயமும் உண்டு. அதில் சயனைடை வெளிவிடும் ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கசப்பு ரகங்களில் அது அதிகம். தோலையும் உள்பட்டையையும் உரித்து, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இருப்பதை உடம்பு தானே முறித்து வெளியேற்றுகிறது. அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும், அவை புரதத்தில் இருந்துதான் வர வேண்டும். ஏற்கெனவே புரதம் குறைவாகச் சாப்பிடுபவர் மூன்று வேளையும் கிழங்கையே நம்பினால், இருக்கிற கொஞ்சத்திலும் இதற்கு ஒரு பங்கு போய்விடும். கிழங்கை விட வேண்டியதில்லை. ஒரு வேளையின் பாதியாக வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது நம் 43 கிலோக்காரரின் ஒரு நாளைப் பார்க்கலாம். காலையில் சர்க்கரை போட்ட வரகாப்பி. பத்து மணி வாக்கில் பழைய சோறு, 150 கிராம் அரிசிக்கு உண்டானது. மதியம் அவித்த மரவள்ளி 300 கிராம். இரவு 200 கிராம் அரிசிச் சோறு, கீரையோ ரசமோ. நடுவில் ஒரு வாழைப்பழம். பருப்பு அந்த 8 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 2,000 கலோரியும் 33 கிராம் புரதமும் வரும். இவர் குறைவாகச் சாப்பிடுகிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தட்டு நிறையத்தான் சாப்பிடுகிறார். ஆனால் மேடும் பள்ளமுமாக நடந்து வேலை செய்யும் உடம்புக்கு 2,000 கலோரி இருக்கிற எடையைத் தக்கவைக்கவே சரியாக இருக்கும். புரதத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1 கிராம் என்பது தானியமும் பருப்பும் மட்டுமே சாப்பிடுபவருக்கு ஒரு நல்ல கணக்கு. அதன்படி 43 கிராம் வேண்டும். எடை ஏற வேண்டும் என்றால் அதற்கும் மேலே.

இவர் சாப்பாட்டில் நான்கு இடங்களில் மட்டும் கை வைப்போம். மதியக் கிழங்கைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் 100 கிராம் சாமைச் சோறு வைக்கலாம். சாமை கிடைக்காவிட்டால் அரிசிச் சோறோ கேழ்வரகுக் களியோ இருக்கட்டும். பருப்பு, பயறு, மொச்சை, கொள்ளு எல்லாம் சேர்த்து நாளைக்கு 50 கிராம் ஆக்கலாம். வறுத்த நிலக்கடலை 40 கிராம், அதாவது உள்ளங்கை நிறைய அள்ளினால் வரும் அளவு, இரண்டு தவணையாகச் சாப்பிடலாம். சாப்பாட்டில் எண்ணெய் இன்னும் 2 தேக்கரண்டி கூடட்டும். இந்த நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 550 கலோரியும் 27 கிராம் புரதமும் கூட்டும். நாள் கணக்கு 2,550 கலோரி, 60 கிராம் புரதம் என்று ஆகிவிடும். இதில் பால் இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு டம்ளர் பாலோ தயிரோ கிடைத்தால் 6 முதல் 8 கிராம் புரதம் கூடுதல் லாபம்.

வீட்டுக்கு வாங்க வேண்டியதாகப் பார்த்தால் இவருக்கு மட்டும் மாதம் ஒன்றேகால் கிலோ பருப்பு வகை, ஒன்றேகால் கிலோ நிலக்கடலை, 300 மில்லி எண்ணெய். ரேஷன் பாமாயில் இதற்குத் தாராளமாக ஆகும். பருப்பு விலை ஏறும் மாதங்களில் சோயா உருண்டை கைகொடுக்கும். மீல்மேக்கர் என்று சின்னப் பெட்டிக்கடையிலும் தொங்குவது அதுதான். உலர்ந்த உருண்டை 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் போட்டால் போதும். சுவைக்குப் பழக இரண்டு மூன்று முறை ஆகலாம்.

தானியத்தோடு பருப்பு ஏன் சேர வேண்டும்? அரிசி, சாமை, கேழ்வரகு எல்லாவற்றிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனைன் தானியத்திலும் எள்ளிலும் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால், இரண்டும் சேர்ந்த புரதம் தனித்தனியாகச் சாப்பிடுவதைவிட உடம்புக்கு நன்றாகப் பயன்படும். ஒரே கவளத்தில் இரண்டும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நாளில் இரண்டும் இருந்தால் போதும். காலையில் களி, மாலையில் சுண்டல் என்றாலும் கணக்கு சேர்ந்துவிடும்.

இந்த இடத்தில் நம் பழமொழி ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். முதல் பாதி சரி. எள்ளில் பாதி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எள் 50 கலோரிக்கு மேல் தரும், மெத்தியோனைனும் தரும். எள்ளுப்பொடியோ எள்ளுருண்டையோ ஒல்லியானவருக்கு நல்லது. இரண்டாவது பாதிதான் சிக்கல். கொள்ளு சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று பயந்து ஒல்லியானவர்கள் அதை ஒதுக்குகிறார்கள். கொள்ளில் துவரம் பருப்புக்குச் சமமாக 22 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, கலோரியும் அதே அளவுதான். மற்ற பருப்புகளைவிட விலை குறைவாகக் கிடைக்கும் பயறும் அதுதான். அது கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடாது. எண்ணெயில்லாமல் கொள்ளு ரசம் மட்டும் வைத்துக் குடித்தால் கலோரி குறைவாகத்தான் போகும், அந்தக் குறை ரசத்தின் குறை. ஒல்லியானவர் கொள்ளை வேகவைத்துத் தேங்காயும் எண்ணெயும் போட்டுத் தாளித்துச் சுண்டலாகவோ, கடைந்து மசியலாகவோ சாப்பிட வேண்டும்.

எட்டிலிருந்து ஐம்பதுக்கு ஒரே நாளில் தாவக்கூடாது. வயிறு உப்பும், வாயு பிரியும், இரண்டு நாளில் எனக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளாது என்று விட்டுவிடத் தோன்றும். முதல் வாரம் 20 கிராம், அடுத்த வாரம் 30 என்று ஏற்ற வேண்டும். மொச்சையும் கொள்ளும் இரவு முழுக்க, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மசியும்வரை வேகவைக்க வேண்டும். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். மொச்சையைப் பிதுக்கித் தோல் நீக்கினால் இன்னும் எளிதாகச் செரிக்கும். அரைவேக்காட்டு மொச்சை சாப்பிடக் கூடாது. விரலால் நசுக்கினால் மாவாகும் பதம் வர வேண்டும்.

ஒல்லியானவர்கள் அடிக்கடி சொல்வது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்பது. அது உண்மைதான். நம் சாப்பாட்டில் தண்ணீர் அதிகம். கஞ்சி, கூழ், ரசச்சோறு எல்லாம் வயிற்றை அடைக்கும், கலோரி குறைவு. ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சியில் 50 கிராம் மாவுதான் இருக்கும். அது 160 கலோரி. மாவைக் கூட்டினால் கஞ்சி கட்டியாகி இறங்காது. இதற்கு முளைகட்டிய கேழ்வரகில் ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லாத வழி.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சமவெளியில் ஒன்றரை நாளில் முளை நன்றாக நீளும், மலைக்குளிரில் இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம். பிறகு வெயிலில் காயவைத்து, காய்ந்த வேர்களைத் தேய்த்துப் புடைத்து அரைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வாசம் வர வறுத்துத்தான் அரைப்பார்கள். ஒரு சிறு டப்பா அளவுக்காவது வறுக்காமல் அரைத்துத் தனியே வையுங்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதி பெருகுகிறது, வறுத்தால் அது செத்துவிடும். இனி சாதா மாவில் இருமடங்கு போட்டுக் கஞ்சியைக் கட்டியாகவே காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, சூடாகக் குடிக்கலாம் என்ற பதத்துக்கு வந்ததும் இந்த வறுக்காத முளைமாவு ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். சில நிமிடங்களில் கட்டிக்கஞ்சி உங்கள் கண்ணெதிரே இளகிக் குடிக்கும் பதத்துக்கு வரும். கொதிக்கும்போதே போட்டால் நொதி அழிந்து ஒன்றும் நடக்காது. இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, வெல்லமும் வறுத்த கடலைப்பொடி இரண்டு மேசைக்கரண்டியும் சேருங்கள். அதே சொம்பில் இப்போது 450 கலோரிக்கு மேல் இருக்கும். காலையில் வெறும் வரகாப்பி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர் காப்பிக்கு முன்னால் இதைக் குடித்துவிட்டுப் போகலாம். வெறும் வயிற்றுக் காப்பி பசியைத் தள்ளிப்போடும். அது மலையில் விளைந்த நல்ல காப்பியாக இருந்தாலும் சரி. சாப்பிட்டவுடன் குடித்தாலும் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கடலையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொறித்தால் சோறு இறங்காது. பதினொரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வேலைக்கு நடுவே மடியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது சரியான நேரம். மழைக்காலத்தில் கடலை பூசணம் பிடிக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, கசக்கிறது எதையும் வாயில் போடாதீர்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. பலாப்பழக் காலத்தில் கொட்டைகளை வீசாமல் மணலில் புதைத்து வைக்கும் பழைய வழக்கம் நல்லது. நூறு கிராம் பலாக்கொட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, மரவள்ளியைவிடப் பல மடங்கு. மலைவாழைப்பழம் கலோரிக்கு உதவும், புரதத்துக்கு உதவாது.

சைவ ஆட்டுக்கால் என்று மலைக்கு வருபவர்களுக்கு விற்கும் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பைப் பற்றியும் கேட்பார்கள். அது ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. பேரில் ஆட்டுக்கால் இருப்பதால் கறியின் சத்து அதில் வந்துவிடாது. கோப்பையில் பெரும்பகுதி தண்ணீரும் மிளகும்தான். பிடித்தால் குடியுங்கள், சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாலும் தயிரும் அறவே இல்லாத சைவருக்கு ஒரு குறை நிச்சயம் வரும். பி12 வைட்டமின் செடிகொடிகளில் இல்லை. அது குறைந்தால் நாக்கு வழவழப்பாகிப் புண்ணாகும், கைகால் மரத்துப்போகும், பசியே எடுக்காது. பசி எடுக்காததால் இன்னும் இளைப்பார்கள். மாத்திரையால் எளிதில் சரியாகும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மாதம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும், மனம் சோர்ந்துபோகும். நம் ஆளுக்கு மாதம் 1 கிலோ கூடினால் நல்ல வேகம். ஐந்தரை கிலோவுக்கு அரை வருடம் ஆகும். தராசு எட்டாத இடத்தில் நூல் போதும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தொங்கவிட்டு நூலைச் சுற்றி முடிச்சு போட்டு வையுங்கள். இடுப்புக்கு இன்னொரு நூல். இரண்டு மாதம் கழித்துக் கைநூல் எட்டாமல் போனால் தசை ஏறுகிறது. இடுப்புநூல் மட்டும் எட்டவில்லை என்றால் பருப்பு குறைவு, அல்லது உடம்புக்குப் பாரம் தூக்கும் வேலை இல்லை. காட்டு வேலை செய்பவருக்கு இரண்டாவது பிரச்சினை வராது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒல்லியானவர் வாரம் மூன்று நாளாவது தண்டால், பஸ்கி, குடம் தூக்குதல் என்று தசைக்கு வேலை கொடுத்தால்தான் தின்ற புரதம் தசையாகும். கணுக்கால் வீங்கி எடை கூடினால் அது சேர்ந்த நீர், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை அசையவில்லை என்றால், முதலில் உண்மையிலேயே அளந்து சாப்பிட்டோமா என்று பாருங்கள். பருப்பு 50 கிராம் என்று நினைத்து 20 கிராம் போட்டிருப்பது சாதாரணமாக நடக்கும். கண்ணால் நிதானிப்பதைவிட, ஒரு முறை கடைத் தராசில் 50 கிராம் நிறுத்து வீட்டு டம்ளரில் எந்த மட்டம் வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. எடை கூட வேண்டியவர் பெண்ணாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிக் கடைசியில் உட்காரும்போது சட்டியில் பருப்பு இருக்கிறதா, குழம்புத் தண்ணீர் மட்டும் இருக்கிறதா? அவர் பங்கு 50 கிராமை வேகவைத்தவுடனேயே தனியாக எடுத்து வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அளவும் சரியாக இருந்து எடை ஏறாவிட்டால், காரணம் சாப்பாட்டில் இல்லை. முயற்சி இல்லாமலே ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை முதலில். ஒல்லியும் காசநோயும் ஒன்றை ஒன்று இழுத்து வரும், ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியதும் அதைத்தான். அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனை. நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் இருந்தால் தைராய்டு. மலம் அடிக்கடி இளகிப் போனால் குடல் புழுவோ வேறு குடல் நோயோ இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. எடையை உயரத்தால் இருமுறை வகுக்கும் கணக்கில் 14-க்குக் கீழே வருபவர்களும், பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர்களும் இந்த அளவுகளை வீட்டில் தொடங்க வேண்டாம். பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சோறு போனால் இரத்தத்தில் உப்புச்சத்துகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அவர்களுக்கு மருத்துவமனையில் சிறிது சிறிதாகத்தான் உணவைக் கூட்டுவார்கள்.

நம் 43 கிலோக்காரர் 48.5-ஐத் தொட்ட பிறகு கூடுதல் எண்ணெயை நிறுத்திவிடலாம், கடலையைப் பாதியாக்கலாம். பருப்பு 50 கிராம் அப்படியே நிற்க வேண்டும், ஏனென்றால் அவருக்குத் தினமும் தேவைப்படும் புரதத்தில் கால் பங்கு அதில்தான் வருகிறது. வரப்பில் நாலு குழி மொச்சையும் வேலியில் அவரைக் கொடியும் மீண்டும் ஏறினால், கடையில் வாங்க வேண்டிய ஒன்றேகால் கிலோவில் அந்தப் பருவத்துக்காவது ஒரு பங்கு குறையும்.